அக்காவுக்கு நான் ஓதிய அரபுத்தமிழ்

எங்கள் அக்கா பழவேற்காட்டில் பிறந்தார், பழவேற்காட்டிலேயே அடங்கினார். இடையில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைத் தவிர பெரிய பயணம் எதுவும் அவர் செய்ததில்லை. எங்கள் உம்மா என்னைப் பெற்ற கையோடு மவுத்தாகிவிட்டதால் அக்காதான் எனக்கு உம்மா. மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு வாங்கி விற்றுத் தன் மகளையும் என்னையும் கரையேற்றினார். யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். என்னைப் பற்றி மட்டும் நேருக்கு நேராகவே பேசுவார்.

அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதப் படித்திருந்ததால் அரபுத்தமிழ்ப் புத்தகங்களை வாசிப்பார். எழுத்து அரபு, பேச்சு நம்முடையது. வலமிருந்து இடமாக ஓடும். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்குப் புள்ளி சேர்த்து எழுத்து செய்திருப்பார்கள். அரபு எழுத்தான ஃபேக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ‘ப’, நூனுக்குக் கீழே புள்ளி வைத்தால் ‘ண’. எகர ஒகரத்துக்குத் தனிக் குறி உண்டு. தொழுகைச் சட்டம், நோன்புச் சட்டம், மாலைப்பாட்டு எல்லாம் அடங்கிய ஒரு பழைய கல்லச்சுப் புத்தகம் அக்காவிடம் இருந்தது. தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து அவர் வாசிக்கக் கேட்பார்கள்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் தல்கீன் இருந்தது. அடக்கம் முடிந்ததும் கப்ரின் தலைமாட்டில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் மய்யித்துக்குச் சொல்லிக்கொடுப்பது. வானவர்களான இரண்டு மலக்குகள் வந்து கேள்வி கேட்பார்கள், இப்படிப் பதில் சொல் என்று.

“அரபுல சொன்னா எனக்கு இன்னாடா புரியும்? நீ இத்த ஓதிடு” என்றார் அக்கா, படுக்கையில் விழுந்த புதிதில்.

“நானா? எனக்குப் பதிலா ஒரு நல்ல ஆளாப் பாருக்கா.”

“நல்ல ஆளு கெடச்சா உன்னெ ஏண்டா கேக்கறேன்?”

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. நான் தலையாட்டும் வரை என் கையை விடவில்லை.

அக்கா விடிகாலை பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு மவுத்தானார். சாயங்காலம் அஸருக்கு அடக்கம் என்று முடிவானது. உள்ளே பெண்கள் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம். நான் பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்து ஒத்திகை பார்த்தேன். கண்ணுக்கு அரபு, எழுத்துக் கூட்டும்போது வெறும் ஓசை. கூட்டி முடித்ததும் அது என் வாயிலிருந்தே தமிழாக வந்து விழுந்தது. யாரோ என் நாக்கை வாடகைக்கு எடுத்துப் பேசுவது போலிருந்தது.

‘இன்னாளுடைய பிள்ளையான இன்னாரே’ என்று ஓரிடம். அங்கே பெற்றவள் பெயரையும் இறந்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். எங்கள் உம்மா பெயரைச் சொன்னேன். அடுத்து, உம்மா பிள்ளை என்று என்னையே சொல்லி ஐம்பது வருடப் பழக்கம், என் பெயர் வந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். கூட்டுகிற வேகத்தில் அடுத்த வரியும் வந்தது: ‘நீ துனியாவை விட்டுப் பிரிந்துவிட்டாய்.’

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

நாடி பிடித்துப் பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே இல்லை. வாட்சின் மேலே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அக்கா மகள் வாசலில் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

“இன்னா மாமா, உம் பேரச் சொல்லிக்கினியா?”

“வாய் தவறிடுச்சும்மா.”

“உன்னெ நீயே அடக்கிக்கினியே!” என்றவள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் திணறிய புள்ளிகளையெல்லாம் விரல் வைத்துக் காட்டினாள். “என் உம்மா பேரை மட்டும் மறந்துடாத மாமா. பொம்பள நான் அங்க வர முடியாது.”

கபரஸ்தானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் அரபியில் ஓதி முடித்து என்னைப் பார்த்தார். ஏரிக்காற்று தாளைப் பிடுங்கியது. உட்கார்ந்தேன். உம்மாவின் பெயரைச் சொன்னேன். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மண்ணுக்குக் கீழே ஒருவர் “இன்னாடா?” என்று கேட்டுவிடுவாரோ என்று மயிர்க்கூச்செறிந்தது. கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரு புள்ளி விடாமல் ஓதினேன். கடைசித் தாளில், வீட்டில் நான் எட்டாத வரி ஒன்று இருந்தது: ‘உன்னைச் சேர்ந்தவர்கள் திரும்பிப் போகும் செருப்போசை உனக்குக் கேட்கும். அப்போது அவ்விருவர் வருவார்கள்.’

எல்லோரும் கிளம்பினார்கள். நாங்கள் போகும் சத்தம்தான் அந்த மலக்குகளுக்கு அழைப்பு என்றால், அந்தச் சத்தத்தை நான் எப்படிச் செய்வேன்? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி மணலில் நுனிக்காலால் நடந்தேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், அன்று தெருவுக்கே சோறாக்கிய வீட்டாருக்கும், பசியாவரத்திலிருந்து படகில் வந்து கதவடியில் உட்கார்ந்து அழுத மீன்காரச் சகோதரிகளுக்கும் எங்கள் நன்றி. என்னைப் பார்த்துவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்த அத்தனை பேருக்கும் நன்றி.