ராசம்மாள் பேரில் விழுந்த கூலி

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் ராசம்மாள், எல்லாருடைய கூலியையும் மொத்தமாக வாங்கித் தன் பேரில் பேங்கில் போட்டு, வாரக் கடைசியில் எடுத்துப் பிரிப்பாள். வீட்டில் வைத்தால் திருடுபோய்விடும் என்ற பயம்தான். ஒரே வருஷத்தில் பதினோரு லட்சம் ரொக்கமாக விழுந்திருக்கவே, வருமான வரி நோட்டீஸ் வந்தது.

ஆடிட்டர் ஜெக்கரியா எழுதிய கடிதத்தை, பொழுது சாய வாய்க்கால் கரையில், நடவுப் பெண்களில் ஒருத்தியான மலர்க்கொடி எல்லாருக்கும் கேட்கப் படித்தாள்.

“அம்மா, இது வரி கட்டச் சொல்லும் உத்தரவு அல்ல. அந்த வருஷக் கணக்கை மறுபடி திறந்து பார்க்கலாமா என்று விளக்கம் கேட்கிறார்கள். வெள்ளிக்குள் பதில் போகாவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுப்பார்கள். பதிலை ஏற்றால் இத்தோடு விடுவார்கள். இல்லையென்றால் அடுத்த நோட்டீஸ் வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்து, அது எல்லாருடைய கூலிதான் என்று நிரூபிக்க வேண்டும். நெல் விற்ற பணம் என்று எழுதச் சொன்னீர்கள். நிலமில்லாத உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். கூலி வாங்கியவர்கள், அது தங்கள் கூலிதான் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.”

“கையெழுத்துப் போட்டா எங்களுக்கும் நோட்டீஸ் வருமாக்கா? ரேஷன் கார்டு போயிடுமா?” என்று ராசம்மாளைக் கேட்டாள் ஒருத்தி.

“ஒங்க கூலிக்கு வரி வராதுன்னு போன்ல சொன்னாரு. கார்டு பத்தி அவருக்குத் தெரியலயாம். தெரியாதத நான் சொல்ல மாட்டேன்டி” என்றாள் ராசம்மாள்.

“நெல்லு வித்த காசுன்னு சொன்ன வாயா இது?” என்றாள் இன்னொருத்தி.

மலர்க்கொடி பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டாள். இன்னும் முப்பத்தொன்று வேண்டும். அன்று புதன்கிழமை.