மாமாவின் துடிப்பு, என் மடிக்கணினியில்

மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து போன பிறகு, பொள்ளாச்சி டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். நடக்கும்போது இதயத்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டாவிட்டால் மறுபடி பால் சொசைட்டிக்குப் போகலாம். இரண்டு மாதமாகக் கேனை அத்தைதான் கொண்டுபோகிறார். மாமாவுக்கு நெஞ்சைவிட அங்கே நடக்கும் பேச்சு விட்டுப்போனதுதான் வலி.

நான் வீட்டிலிருந்தபடி கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். துடிப்பை அளக்க மாமாவுக்கு வாங்கிக் கட்டிய கைப்பட்டையின் செயலி சராசரியை மட்டும் காட்டியது. அதை நம்பாமல் நானே நிரல் எழுதினேன். பட்டையோடு புளூடூத்தில் இணைந்து, துடிப்பு மாறும்போதெல்லாம் சொல் என்று கேட்டுக்கொண்டால் அதுவே அனுப்பிக்கொண்டிருக்கும். அனுப்புவதில் முதல் பைட்டு வெறும் குறிப்பு, இரண்டாவதுதான் துடிப்பு. முந்தைய நாள் முதல் பைட்டை வாசித்துவிட்டு, பதினாறு என்று பார்த்துப் பதறி, டீ குடித்துக்கொண்டிருந்தவரின் மூக்கருகே விரல் வைத்திருக்கிறேன். குழந்தை தூங்கும்போது செய்து செய்து வந்த பழக்கம்.

ஞாயிறு காலை பிழையைத் திருத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். தொண்ணூற்றாறு. சும்மா இருக்கும்போதேவா? பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நூற்றுப்பதினெட்டு. படுக்கச் சொன்னேன். சொன்னபடி கயிற்றுக்கட்டிலில் படுத்தார். நூற்று முப்பத்தொன்று.

"டாக்டருக்குப் போன் பண்ணட்டுங்களா மாமா?"

அவர் பட்டையைக் கழற்றி, வெறுங்கையை என் முன்னால் நீட்டினார்.

"இப்ப எத்தனை அம்மணி?"

நூற்று முப்பத்தாறு.

என் நெற்றியில் கை வைத்தபோதுதான் மணிக்கட்டில் இருந்த என் பட்டை கண்ணில் பட்டது. இரண்டும் ஒரே மாதிரி, சலுகையில் சேர்த்து வாங்கியவை. துடிப்பு அனுப்பும் பட்டைகளில் அலை வலுவாக இருப்பதோடு இணை என்று நிரலில் எழுதியிருந்தேன். என் பட்டை வழக்கமாக என் கைப்பேசியோடு இணைந்திருக்கும். இணைந்திருந்தால் வேறு யாருக்கும் தன்னை அறிவிக்காது. அன்று கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. மடிக்கணினிக்கு என் கையைவிடப் பக்கத்தில் வேறு எது இருக்கும்?

கட்டில் ஓரத்தில் நின்ற அத்தை சொன்னார்: "ஏனுங்க, நீங்க எந்திரிங்க. அவளப் படுக்கச் சொல்லுங்க."

மாமா பட்டையின் புளூடூத் முகவரியை மட்டுமே ஏற்கும்படி நிரலை மாற்றினேன். பத்தடி தள்ளினாலே தொடர்பு அறுந்துவிடுமோ என்று பயம். அதனால் மாமா கேனோடு முன்னால் நடக்க, திறந்த மடிக்கணினியோடு நான் பின்னால், குழந்தையோடு அத்தை அதற்கும் பின்னால். தென்னந்தோப்புக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சொசைட்டி வரை அதிகபட்சம் நூற்று நான்கு.

வரிசையில் நின்றவர்கள் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் மாமா. "அம்மணிக்குத்தான் ஒருக்கா பாக்கோணும்."

பதிவை டாக்டருக்கு அனுப்புமுன் பட்டையின் முகவரியை மூன்று முறை சரிபார்த்தேன். போகலாம் என்று மாலையே பதில் வந்தது. மறுநாள் விடிந்ததும் மாமா கேனை எடுத்தார். பட்டை மாட்டியிருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் வாய்க்காலைத் தாண்டிவிட்டார்.