விசில் சத்தம் வரக்கூடாது

கண்டக்டருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், வாய் பெறவில்லை. பீடிப் புகையையும் டீசல் புகையையும் பேதம் பார்க்காமல் விழுங்கிய நுரையீரல்தான் முதலில் மக்கர் செய்தது.

வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. மகன் கறாராகச் சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கிழமை வர்றேன். என் கண்ணு முன்னால ஏறிக் காட்டுங்க. முடியலேன்னா பெட்டியக் கட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்."

மகன் வீடு நல்ல வீடுதான், மாடி ஏற வேண்டாம். ஆனால் அங்கே ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். இவர் ஜன்னலில் பஸ் டிப்போ தெரியும். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஜன்னலிலிருந்து திட்டாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

நரை தட்டிய நர்ஸான என்னை, காலையில் இரண்டு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தார்கள். போன முதல் நாள், வியர்த்துக் கொட்டுகிற வெயிலில் மனிதர் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"என்ன கண்டக்டரே, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?"

"கம்பியப் பிடிச்சு... நின்ன... பழக்கம் சிஸ்டர்."

இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. நானே பட்டனைக் கழற்றினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தின் இரண்டு பக்கத் தசையும் கயிறாகப் புடைத்தது. காரை எலும்புக்கு மேலே பள்ளம் விழுந்தது. இதை மறைக்கத்தான் அந்தப் பட்டன்.

நன்றாக இருப்பவர் மூச்சு விடுவது வெளியே தெரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும், காற்று உள்ளே வரும். அது தளர்ந்தால் நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை அனுப்பிவிடும். வெளியே விட எந்தத் தசையும் மெனக்கெட வேண்டாம். திணறும்போதுதான் கழுத்தும் தோளும் விலா எலும்பைத் தூக்க ஓடி வரும், வயிறு இறுகிக் காற்றைப் பிதுக்கும். கையை ஊன்றினால் தோள் அசையாமல் நிற்கும். மார்புத் தசையும் கூடச் சேர்ந்து இழுக்கும். கண்டக்டர் கம்பியைப் பிடித்த கதை இதுதான்.

"எனக்குத் தெரியாத மூச்சா? தினம் பயிற்சி செய்றேன், பாருங்க" என்று பழைய விசிலை எடுத்து வயிற்றை எக்கிப் பலங்கொண்ட மட்டும் ஊதினார். டிப்போவில் ஒரு டிரைவர் திரும்பிப் பார்த்தான். இவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்து கால் மணி நேரம் இழுத்தார்.

மூச்சு அடங்கிய பிறகு கேட்டேன்: "இது பயிற்சியா, தற்கொலையா?"

"உள்ள நிக்கிற காத்த வெளிய தள்ள வேண்டாமா?"

"இறங்கற கூட்டத்தப் பின்னாலருந்து முட்டித் தள்ளினா என்ன ஆகும்?"

"படிக்கட்டுல அடைச்சிக்கும்."

"அதேதான். உங்க சின்ன மூச்சுக்குழாயெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. வயித்த எக்கி அமுக்கினா அதுவே நசுங்கி மூடிக்கும். காத்து உள்ளயே மாட்டிக்கும். அப்புறம் புதுக் காத்துக்கு ஏது இடம்?"

மனிதர் விசிலை என்னிடம் நீட்டினார்.

அதே விசிலை வாயில் வைத்தே பழக்கினேன். மூக்கால் இரண்டு எண்ணி உள்ளே. நான்கு எண்ணி மெதுவாக வெளியே. விசில் சத்தம் வரக்கூடாது. வந்தால் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகு விசில் இல்லாமல், வெறும் உதட்டைக் குவித்து. இப்படி விட்டால் குழாய் மூடாமல் திறந்து நிற்கும்.

"முப்பத்து மூணு வருஷம் சத்தமா ஊதச் சொன்னாங்க. இப்ப ஊதாம ஊதச் சொல்றீங்க."

"சம்பளமும் கிடையாது. ஊதுங்க."

ஞாயிறு வந்தது, மகனும் வந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் மருந்தை உறிஞ்சிவிட்டு, கீழே போய் நின்ற கண்டக்டர் பட்டனைப் போட்டார். நான் கழற்றினேன்.

"அவன் பார்த்துடுவான் சிஸ்டர்."

"பார்க்கட்டும். பார்க்கத்தானே வந்திருக்கான்?"

நின்று மூச்சை வாங்கினார். விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறினார். மறுபடி நின்றார். ஒன்பதாவது படியில், திருப்பத்தில், சுவரில் சாய்ந்துவிட்டார். கழுத்து புடைத்தது. மகன் முகம் வெளுத்தது.

"போதும்ப்பா. வீட்டுக்குப் போகலாம்."

கண்டக்டர் ஒரு விரலைத் தூக்கினார், பயணியை நிறுத்துகிற மாதிரி. உதட்டைக் குவித்து மூச்சை விட்டார், வாங்கினார். நான் வாட்சைப் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் கழுத்துக் கயிறு தளர்ந்து தோள் இறங்கியது. மிச்ச ஒன்பது படியையும் அதே கணக்கில் ஏறி முடித்தார்.

"நின்னு நின்னு வர்றீங்களே" என்றான் மகன்.

மேலே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரே மூச்சில், இடையில் இழுக்காமல் சொன்னார்: "ஸ்டாப்பிங்ல நிக்காத வண்டியில எவன்டா ஏறுவான்?"

மகன் சிரித்துவிட்டான். சாயங்காலம் ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வந்து படித் திருப்பத்தில் போட்டான். பெட்டி பரணிலேயே இருந்தது.

மறுநாள் நான் போனபோது கண்டக்டர் அந்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து வழியை மறித்திருந்தார். பட்டன் திறந்திருந்தது.

"இது முதியோர் சீட்டு சிஸ்டர். உங்களுக்கும் தகுதி இருக்கு, ஆனா நான் முன்னாடியே ஏறிட்டேன்."