“யாரால்?” என்று நான் கேட்ட கேள்வி

பிற்பகல் மூன்றே கால் மணிக்கு அந்தப் பிரெஞ்சுக் கப்பலின் ஏணியால் கடைசி ஆளும் இறங்கி வந்தான். அவன் என் மகன் இல்லை.

என் மகன் அந்தக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போயிருந்தான். தேயிலை ஏற்றக் கப்பல் திருகோணமலைக்கு வருகிறதென்று ஏஜென்ட் கந்தோரில் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிப்பவள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் இறங்குதுறை வரை விட்டார்கள்.

ஏணியின் மேல் நின்ற அதிகாரியிடம் மகனின் பெயரைச் சொன்னேன். பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினார்: “On l'a débarqué à Djibouti. On l'a opéré. Ça se soigne, madame!”

‘on’ என்றால் ‘ஒருவர்’. பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் அப்படித்தான் எழுதி வந்தேன். ஒருவர் அவனை ஆபிரிக்கத் துறைமுகமான ஜிபூத்தியில் இறக்கினார். ஒருவர் அவனை வெட்டி ஒப்பரேஷன் செய்தார். பிறகு, ‘அது தன்னைத் தானே குணப்படுத்துகிறது’. அப்படியென்றால் பக்கத்தில் ஆளே இல்லையா?

என் வகுப்பில் செயப்பாட்டுவினைக்கு ஒரு சட்டம் உண்டு. ‘இரு’ என்று பொருள்படும் ‘être’ வர வேண்டும், வினையெச்சம் போலொரு சொல் வர வேண்டும், பின்னால் ‘ஆல்’ என்பதற்கு ‘par’ போட்டுச் செய்தவரைச் சொல்ல வேண்டும். செய்தவரை விட்டால் புள்ளி குறைப்பேன். அந்தப் பழக்கத்தில் நானும் கத்தினேன்: “Par qui a-t-il été débarqué?” யாரால் இறக்கப்பட்டான்?

அவர் கையை விரித்தார். “Par qui? Mais on l'a débarqué, madame!” யாராலா? மறுபடியும் அதே ‘on’.

பக்கத்தில் நின்ற மாலுமிகள் சிரித்தார்கள். பெட்டிகள் மேலே போகத் தொடங்கின, அவரும் உள்ளே போய்விட்டார். அவனுக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று நான் கேட்கவேயில்லை. கப்பல் பொழுதுபட முன்னர் போய்விட்டது.

லிங்கநகர் வீட்டில் நான் மட்டும்தான். கணவர் இறந்துவிட்டார்; மகன் கப்பலுக்குப் போன பிறகு அவனுடைய கதிரையில்தான் பத்திரிகைகளை அடுக்கி வைப்பேன். அன்று அவற்றை எடுத்துவிட்டேன். அந்த ‘on’ இரவெல்லாம் ஓர் ஆளாக நடந்தான். முகமில்லாதவன், சப்பாத்துப் போட்டவன். என் பிள்ளையைப் பிடித்து இறக்கியவன்.

கந்தோருக்கு ஒவ்வொரு நாளும் போனேன். ஜிபூத்திக்குத் தந்தி அடித்திருக்கிறோம், பதில் இல்லை என்றார்கள். பிறகு பிறகு என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார்கள். வகுப்பில் பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்த எனக்கு ஏலவில்லை.

ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு நின்றாள்.

“தண்ணியை நிப்பாட்டிப்போட்டினம், ரீச்சர்.”

“ஆர் நிப்பாட்டினது?”

“ஆரெண்டு சொன்னா போய் அடிக்கப் போறியளோ?” என்று சிரித்தாள். “நிப்பாட்டிப்போட்டினம். அவ்வளவுதான்.”

என் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். ‘நிப்பாட்டிப்போட்டினம்’, நிறுத்திவிட்டார்கள். இதில் எழுவாய் எங்கே? அவளும் சொல்லவில்லை, நாங்கள் யாருமே சொல்வதில்லை. ‘தண்ணீர் நிறுத்தப்பட்டது’ என்று பத்திரிகையில் போடுவார்கள், வேலியடியில் அப்படி யார் கதைப்பார்கள்? அந்த அதிகாரியும் வேலியடியில் கதைப்பது போலத்தான் கதைத்திருக்கிறார். ‘இறக்கிப்போட்டினம், வெட்டித் தைச்சுப்போட்டினம்.’ ‘Ça se soigne’ என்பதும் என் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பேக்கரிப் பலகையில் எழுதும் ‘இங்கே பாண் விற்கப்படும்’ என்பதற்குப் பிரெஞ்சில் பாண் ‘தன்னை விற்கும்’. பாண் ஒன்றும் எழும்பி நின்று விற்பதில்லை. மருந்துக்கு மாறக்கூடிய வருத்தம் என்றுதான் அவர் சொன்னார். அதைப் படிப்பித்தவளும் நானே. பாணுக்குத் தெரிந்தது, பிள்ளைக்கு என்றதும் தெரியாமல் போயிற்று.

தெரிந்துகொண்டதால் வீடு நிறையவில்லை. மாறக்கூடியது மாறியதா என்று எந்த இலக்கணமும் சொல்லாது. சப்பாத்துக்காரன் போய்விட்டான். அவன் இருந்த இடத்தில் இப்போது ஒருவருமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம் படலை திறபட்டது. பெயின்ட் அடித்த மரப்பெட்டியைத் தோளில் வைத்தபடி மகன் நின்றான். பாதியாக மெலிந்திருந்தான். குசினிக்குள் இருந்து ஓடி வந்த நான் கையைக்கூடத் துடைக்கவில்லை. எல்லாம் விளங்கிய பிறகும் வாயில் அதுதான் வந்தது.

“ஆரடா உன்னை இறக்கினது? ஆர் வெட்டினது?”

அவன் சட்டையைத் தூக்கி, வலது அடிவயிற்றில் ஒரு விரல் நீளத் தழும்பைக் காட்டினான்.

“குடல்வால் அம்மா. கப்பல்ல டொக்டர் இல்லையெண்டு இறக்கிப்போட்டினம். வெட்டித் தைச்சவை, கஞ்சி தந்தவை, பிறகு வேற கப்பல்ல ஏத்தி விட்டவை. ஆரெண்டு எனக்கென்னண்டு தெரியும்? நான் மயங்கிக் கிடந்தனான்.”