அப்பாவின் பார்வை

போத்தனூர் ஸ்டுடியோவில் நானும் அம்மாவும் இருந்தோம், அப்பா இல்லை. வருஷத் திதிக்கு மாட்ட அவருடைய ஆதார் படம்தான் கிடைத்தது. அதில் கேமராவையே வெறித்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஏஐயிடம் அந்தப் படத்தைக் கொடுத்து ‘யோசிக்கிற முகம்’ என்று கேட்டேன். தாடையில் கைவைத்த யாரோ வந்தார். ‘சோகம்’ என்றதும் அழுதார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“தண்ணி வருதான்னு மோட்டார் சத்தத்தக் கேட்டுட்டு நிப்பாருல்ல, அப்படிப் போடு கண்ணு,” என்றார் அம்மா.

அந்த முகத்தை நினைத்து எழுதினேன்: பார்வை கேமராவை விட்டு இடப்பக்கம், சற்றுக் கீழே; மேலிமை லேசாகத் தாழ்ந்து; புருவங்களின் உள்முனை கொஞ்சம் நெருங்கி; உதடு இறுக்கமின்றி மூடி. அப்பா வந்துவிட்டார்.

“அவரேதான். ஆனா கும்பிடறப்ப நம்மளப் பாக்க மாட்டாரே,” என்றார் அம்மா.

“அப்பப் பழசையும் சேத்துப் போட்டரலாங்களா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

சரி என்றேன். இரண்டு படம், சட்டத்தோடு ஆயிரத்து அறுநூறு ரூபாய்.