அமர்வு இருநூற்றுப் பன்னிரண்டு

கிராமத்திலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பியதும் ராஜினியக்கா முதலில் தண்ணீர் குடிக்கமாட்டார். கைப்பையிலிருந்து களக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டியைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புவார். முன்பக்கங்கள் திட்டத்துக்கு உரியவை. எத்தனை கோழி நிற்கிறது, எத்தனை செத்தது, வேலி அடைத்தாயிற்றா என்ற விபரங்கள். பின்பக்கங்கள் அவருக்கு. அங்கே வீட்டுக்கு ஒரு வரி. அன்று அந்த வீட்டுக்காரி வாய்திறந்து கதைத்திருந்தால் ஒரு கோடு. கதைக்காமல் இருந்திருந்தால் ஒரு சின்ன வட்டம். கோட்டைச் சட்டென்று இழுத்துவிடுவார். வட்டத்தை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தரம் சுற்றுவார். பிறகு பட்டியை மணிக்கட்டிலிருந்து உருட்டிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டுத்தான் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்.

எனக்கு எதிர் மேசை. ஒரு வருடத்துக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன என்று கேட்டதில்லை. நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

கிளிநொச்சியில் எங்களுடையது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அக்கராயன் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பும் வீட்டுத்தோட்டமும் செய்து கொடுக்கிறோம். நான்கு கள அலுவலர்கள். நான் தரவுகளைச் சேர்த்துச் சரிபார்க்கிற உதவியாள். ராஜினியக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். கணவர் இல்லை. எப்படி இல்லை என்று இங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.

நவம்பரில் சுயமதிப்பீட்டுப் படிவம் வந்தது. வருடா வருடம் வருவதுதான். அந்த முறை அதோடு ஒரு கடிதமும் வந்தது: அடுத்த வருடம் மூன்று கள அலுவலர்களுக்குத்தான் நிதி. மதிப்பீட்டில் கடைசியாக வருபவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"அப்ப நாலு பேருக்கு மூண்டு கதிரை," என்றார் தவராசா அண்ணை. அவரும் கள அலுவலர். "பாட்டு மட்டும்தான் இன்னும் போடேல்லை."

ராஜினியக்கா படிவத்தை ஒரே நாளில் நிரப்பிவிட்டு என்னிடம் காட்டினார். 'இந்த ஆண்டில் உமது சாதனைகள்' என்ற பெரிய பெட்டிக்குள் இரண்டு வரிதான் இருந்தது. 'பயனாளிகளோடு நல்ல முறையில் வேலை செய்தேன். வீடு வீடாகப் போய்க் கதைத்தேன்.'

"இது காணாது அக்கா," என்றேன். "நல்ல முறையில் எண்டு எல்லாரும் எழுதுவினம். வாசிக்கிறவை கொழும்பிலயிருந்து வருவினம். அவைக்கு உங்களைத் தெரியாது. என்ன செய்தனீங்கள், எத்தனை பேருக்கு, எப்ப, முதல் எப்படி இருந்தது, இப்ப எப்படி இருக்கு, அதுக்கு என்ன அத்தாட்சி. இவ்வளவும் இருக்கவேணும்."

அவர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தம்பி, நீங்கள் இவ்வளவு நீளமாக் கதைச்சு நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

மூன்று நாட்கள் மாலையில் இருந்து எழுதினோம். நான் கேட்பேன், அவர் முன்பக்கங்களைப் புரட்டுவார், நான் கண்காணிப்புத் தாளோடு ஒப்பிடுவேன். 'கோழி வளர்ப்பை ஊக்குவித்தேன்' என்பது, 'மார்ச்சில் 38 குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கி, மாதம் ஒருமுறை நேரில் பார்வையிட்டேன். செப்டெம்பரில் 31 குடும்பங்களில் கோழிகள் முட்டையிட்டன. முந்திய வருடம் 38க்கு 19. சான்று: கண்காணிப்புத் தாள்' என்று ஆனது. தடுப்பூசி போட்டது கால்நடை வைத்தியரின் ஆட்கள், தானில்லை என்று அவர் சொன்னார். அதனால் 'போட்டேன்' என்பதை வெட்டி, 'திகதி எடுத்துக் கொடுத்து, 38 வீட்டாருக்கும் முன்கூட்டியே அறிவித்தேன்' என்று எழுதினோம். செய்யாததை எழுதக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

"உது நானோ செய்தனான்?" என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுச் சிரித்தார். "வாசிக்க ஆரோ பெரிய ஆள் மாதிரிக் கிடக்கு."

தவராசா அண்ணை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நிரோஜன், எனக்கும் கொஞ்சம் பவுடர் பூசிவிடுமன்."

மூன்றாம் நாள் அந்தக் கடைசி வரி மிஞ்சியது. வீடு வீடாகப் போய்க் கதைத்தேன். அப்போதுதான் பின்பக்கங்களைக் கேட்டேன். அவர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, கோடும் வட்டமும் என்னவென்று சொல்லித் தந்தார். மூன்று புத்தகங்கள். எண்ணினேன். கோடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. வட்டங்கள் அறுபத்தொன்று.

"வட்டத்தை எழுத ஏலாது அக்கா. ஒண்டும் நடக்காததை எப்படிச் சாதனை எண்டு எழுதுறது?"

"அதுதான் தம்பி கஷ்டமான வேலை," என்றார். "கதைக்கிற சனத்திட்ட ஆரும் போகலாம். பேச்சியம்மா வீட்ட நான் ஏழு மாசம் வட்டம்தான் போட்டனான்."

நான் வட்டங்களை விட்டேன். 'கதைத்தேன்' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குக் கதைப்பதென்றால் பேசுவது. வெளியிலிருந்து வாசிப்பவருக்கு வெட்டிப்பேச்சாகத் தோன்றிவிடும். நான் நவீன கவிதை வாசிக்கிறவன். ஒரு சொல்லை மாற்றினால் முழு வரியும் நிமிரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன். 'வீடுகளில் 212 உளவளத்துணை அமர்வுகளை நடத்தினேன்' என்று அடித்தேன். வரி நிமிர்ந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

எண் சரியானது. சொல்தான் பிழை. உளவளத்துணை, அதாவது மனநல ஆலோசனை, அதற்குப் படித்தவர்கள் செய்யும் வேலை. ஒவ்வொரு அமர்வுக்கும் சம்மதப் படிவமும் பதிவும் இருக்கவேண்டும். ராஜினியக்காவிடம் இருந்தது இரண்டு நாள் பயிற்சியும் ஒரு ரப்பர் பட்டியும்.

கையெழுத்துப் போடும்போது, "இந்த வேலை இல்லாட்டி அந்தச் சனத்தின்ர வீட்ட போக எனக்கு என்ன சாட்டுத் தம்பி இருக்கு," என்றார். அதை எனக்குச் சொன்னாரா பேனாவுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் திகதி நேர்முகம். எங்கள் முகாமையாளர் விமலேஸ்வரி மேடமும் கொழும்பிலிருந்து வந்த ஜெயந்தன் சேரும் மேசையின் ஒரு பக்கம். கேட்கும்போது சான்றுத் தாள்களை எடுத்துக் கொடுக்க நான் மூலையில். ஜெயந்தன் சேர் கெட்டவர் அல்ல. கோழிக் கணக்கை வாசித்துவிட்டு, "இப்படித்தான் எழுதவேணும்," என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னார். ராஜினியக்கா என் பக்கம் ஒருக்கால் பார்த்தார்.

பிறகு அவருடைய விரல் கடைசி வரியில் நின்றது.

"இருநூற்றிப் பன்னிரண்டு அமர்வு. இது பெரிய எண்ணிக்கை. இதுக்குப் பதிவுகள் இருக்கா நிரோஜன்?"

"இல்லை சேர்."

"அம்மா, ஒரு அமர்வில நீங்கள் என்ன செய்வீங்கள்?"

ராஜினியக்கா யோசித்தார். அமர்வு என்ற சொல்லை அவர் தனக்குத் தெரிந்த தமிழில்தான் விளங்கியிருந்தார். அமர்வதென்றால் எங்கள் பேச்சில் இருப்பது.

"இருக்கிறனான் சேர்."

"இருந்து?"

"இருக்கிறதுதான். அவை கதைக்க மனமில்லாத நாளில பக்கத்தில இருக்கிறனான். அரிசி புடைச்சால் நானும் புடைப்பன்." பிறகு படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பிழையைத் தானே கண்டுபிடித்தவரைப்போல நிமிர்ந்தார். "சேர், இதில எண் மாறிப்போச்சு. அமர்வு இருநூற்றிப் பன்னிரண்டு இல்லை. அறுபத்தொண்டுதான். மற்றது எல்லாம் சும்மா கதைச்சது."

ஜெயந்தன் சேர் பேனாவை மூடினார். "சும்மா கதைச்சதை அமர்வு எண்டு எழுதியிருக்கு."

"ஓம் சேர். அது பிழை."

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் சேர்," என்றார் ராஜினியக்கா.

என் மடியில் கண்காணிப்புத் தாள்கள் இருந்தன. அந்தச் சொல் என்னுடையது என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். மின்விசிறியின் காற்றில் மேல்தாள் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே நிரோஜன்," என்றார். "இப்ப சேர் வவுனியா தாண்டியிருப்பார். சொல்லிப் பாக்கிறன். ஆனா கையெழுத்து அவவின்ர. எண்ணைக் குறைச்சுச் சொன்னதும் அவ." உண்மையிலேயே சொல்லிப் பார்த்தார். பதில் இரண்டு வரியில் வந்தது: சான்றில்லாத கூற்று, தானே ஒப்புக்கொண்டது. கோழிக்குக் கிடைத்த புள்ளிகள் அதில் கரைந்துபோயின.

இருபதாம் திகதி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் கொடுத்தார்கள். தவராசா அண்ணை அன்று ஒரு பகிடியும் விடவில்லை. ராஜினியக்கா கடிதத்தை மடித்துக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பின்னேரம் வழமைபோல் கிராமத்துக்குப் போய்வந்தார். திரும்பி வந்து பட்டியைக் கழற்றி மணிக்கட்டில் போட்டார். புத்தகத்தைத் திருப்பினார். அன்று எத்தனை கோடு, எத்தனை வட்டம் என்று நான் பார்க்கவில்லை.

"அக்கா, அந்தச் சொல்லு நான் போட்டது," என்றேன். ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்திருந்த வசனம்.

"தெரியும் தம்பி. நானெல்லே பக்கத்தில இருந்தனான்."

அவ்வளவுதான். தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்.

வருட முடிவோடு போய்விட்டார். இப்போது ஒரு மீன் பதனிடும் இடத்தில் வேலையென்று கேள்வி. நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலையாம். அக்கராயன் வீடுகளைத் தவராசா அண்ணை பிரித்து எடுத்துக்கொண்டார். பேச்சியம்மா வீட்டில் படலை திறப்பதில்லை என்று ஒரு நாள் சொன்னார். தாளில் அந்த வீட்டுக்கு நேரே 'சந்திக்க முடியவில்லை' என்று நான்தான் பதிகிறேன்.

மார்ச்சில் என்னுடைய மதிப்பீட்டுக் கோப்பு திரும்பி வந்தது. நல்ல புள்ளி. 'ஒரு கள அலுவலரின் சுயமதிப்பீட்டை அளவிடக்கூடியதாக மாற்ற உதவினேன்' என்று நவம்பரில் நான் எழுதிக் கொடுத்திருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். கடைசித் தாள் சக பணியாளர் கருத்து. யாரிடம் கேட்டிருந்தார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சாய்ந்த, பெரிய எழுத்து:

'நிரோஜன் தம்பி நவம்பர் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்கள், மொத்தம் ஏழு மணித்தியாலம் என்னோடு இருந்து எழுதித் தந்தவர். ஒருக்காலும் கோபப்படவில்லை. சான்று: நான்.'

கீழே ராஜினி என்று கையெழுத்து. திகதி டிசம்பர் 21. கடிதம் கொடுத்ததற்கு மறுநாள்.