நிறைந்திருந்த தண்ணீர் பாட்டில்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஆம்பூரிலிருந்து வேலூருக்கு மாற்றலானதால், மார்ச்சில் பேத்திக்குப் பள்ளி தேடினோம். பெரிய பள்ளியில் ஜனவரியிலேயே சேர்க்கை முடிந்திருந்தது. இன்னொன்றில் ஒரே இடம்தான், நாளைக்குள் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று, மாலை மணியடிக்கும்வரை மகளை அந்தப் பள்ளி வாசலிலேயே என்னோடு நிற்க வைத்தேன். பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்தே வெளியே வந்தன.

“இன்னா பாப்பா, தண்ணி குடிக்கலியா?” என்று ஒரு சிறுமியைக் கேட்டேன்.

“பாத்ரூம் நாறும் ஆயா. வீட்டுக்குப் போய்தான் குடிப்பேன்.”

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா, வேற பார்க்கலாம்.”

மறுநாள் போன அரசுப் பள்ளியில் கழிப்பறை சுத்தமாக இருந்தது. “பரீட்சை முடிஞ்சதும் டி.சி. வாங்கிட்டு வாங்க, சேர்த்துக்குறோம்” என்றார் தலைமையாசிரியை.

இப்போது பேத்தியின் பாட்டில் காலியாகத்தான் வீடு வருகிறது. இதை அச்சில் போடுவதற்கு முன், அந்தப் பெரிய பள்ளியில் சேர்க்கை முடிந்தது ஜனவரியா, பிப்ரவரியா என்று மகளைக் கேட்டுத் திருத்திவிடுங்கள்.